மூன்றாவது பெல்ட்டும் நான்கு பக்கக் கோபமும்

கிரைண்டருக்கு மூன்றாவது பெல்ட் மாட்டிக்கொண்டு வந்த அன்றைக்குத்தான் தோழி கேட்டாள், இரண்டு லிட்டர் டேபிள் டாப் வாங்கலாமா என்று. சூட்டோடு சூடாக நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். "படிச்சேன்டி. வாங்கலாமா, வேண்டாமா?" என்று பதில் வந்தது. சரி, வெட்ட உட்கார்ந்தேன்.

டெலிவரிக்காரர் இரண்டு நாள் தாமதமாக வந்தது, பாட்டி வீட்டு ஆட்டுக்கல், நான் கேட்ட நிறம் கிடைக்காதது எல்லாம் முதலிலேயே போயிற்று. அவற்றைப் படித்து அவள் வாங்கவும் போவதில்லை, வாங்காமல் இருக்கவும் போவதில்லை.

'கேவலமான மெஷின்' என்ற வரியில்தான் கை நின்றது. கேவலம் என்று சொல்ல அப்படி என்ன பார்த்தேன்? 20 நிமிடம் ஓடி, உளுந்து பொங்கி வருகிற நேரத்தில் டிரம் நின்றுவிடும். மோட்டார் மட்டும் உறுமும். ரப்பர் கருகிய வாடை வரும். அடிப்பாகத்தைக் கழற்றினால் உள்ளே கறுப்புப் பொடி. கேவலத்தை எடுத்துவிட்டு இதை வைத்தேன். அளவில் நீளம்தான், ஆனால் அவள் வீட்டில் இதே வாடை வந்தால் உடனே சுவிட்சை அணைப்பாள்.

ஒரு இடத்தில் தப்பாக வெட்டிவிட்டேன். தீபாவளிக்கு விருந்தாளிகள் வந்த கதையோடு, ஒரே ஈட்டில் முக்கால் கிலோ உளுந்து போட்டதும் போய்விட்டது. முதல் பெல்ட் போனது அன்றைக்குத்தான். அதை மறைத்தால் பழி முழுக்க மெஷின் மேல் விழும். விருந்தாளிகளை விட்டுவிட்டு உளுந்தை மட்டும் திரும்பச் சேர்த்தேன். இரண்டாவது பெல்ட் கால் கிலோவுக்கே வழுக்கியது, அதற்கு என்னைக் குறை சொல்ல முடியாது.

அந்த ரப்பர் வாடை வரிகளைத் தவிர மிஞ்சியது இவ்வளவுதான்:

"மூன்று வருஷம், வாரம் இரண்டு ஈடு. மாவு சூடாகாது, இட்லி பஞ்சு மாதிரி வரும். பெல்ட் இரண்டு முறை போனது: முதல் முறை முக்கால் கிலோ உளுந்து போட்ட என் தப்பு, அடுத்தது கால் கிலோவுக்கே. பெல்ட் தளர்ந்தால் மோட்டாரைச் சற்றுத் தள்ளி போல்ட்டை முடுக்கினால் போதும் என்றார் மெக்கானிக். ஆனால் அந்த போல்ட்டை எட்ட அடிப்பாகம் முழுவதையும் கழற்ற வேண்டும். ஐந்து நிமிட வேலைக்கு ஒவ்வொரு முறையும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். வாங்காதே."

"இட்லி பஞ்சு மாதிரின்னு சொல்லிட்டு வாங்காதேங்கிறியே?" என்றாள். ஆமாம். அந்தக் கல்லையும் டிரம்மையும் சுமந்துகொண்டு நீ ஒரு தடவை மாடிப்படி இறங்கிப் பார்.