தடையா, ஒற்றை வரியா, பட்டியலா? சாட்பாட்டில் எதை ஒட்டக்கூடாது என்று ஊழியர்களுக்கு எழுதும் மூன்று வழிகள்

திருப்பூரில் ஒரு நடுத்தர பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், ஆர்டர் கொடுக்கும் பையருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுத வேண்டும். கணக்குப் பிரிவில் எக்செல் ஃபார்முலா ஒன்று உதைக்கிறது. ஹெச்.ஆரில் சம்பளப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். மூவரும் திறப்பது இலவச சாட்பாட்டைத்தான். ஒருநாள் முதலாளி, "இதுல எதைப் போடக்கூடாதுன்னு எல்லாருக்கும் ஒரு நோட் அனுப்பிடுங்க" என்கிறார்.

அந்த நோட்டைப் பொதுவாக மூன்று விதமாக எழுதுகிறார்கள்: அடியோடு தடை, ஒற்றை வரி எச்சரிக்கை, காகிதம் காகிதமாகப் பெயர் சொல்லும் பட்டியல். மூன்றையும் நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன். மாலை ஏழு மணி, பையர் பதில் கேட்டு நெருக்குகிறார், மெர்ச்சண்டைசர் கையில் இந்த நோட் இருக்கிறது. அவர் என்ன செய்வார்?

அடியோடு தடை

"அலுவலகக் கணினியில் எந்த சாட்பாட்டையும் பயன்படுத்தக் கூடாது." எழுதுவதற்கு இதைவிடச் சுலபமான நோட் இல்லை. பெரிய இடங்களும் இந்த வழியில் போயிருக்கின்றன. சாம்சங் 2023 மார்ச்சில் தன் செமிகண்டக்டர் பிரிவில் சாட்ஜிபிடியை அனுமதித்தது. மூன்று வாரத்துக்குள் மூன்று கசிவுகள் நடந்ததாகக் கொரியப் பத்திரிகைகள் எழுதின. இரண்டில் ஊழியர்கள் புரோகிராம் கோடை ஒட்டியிருந்தார்கள். மூன்றாவதில் மீட்டிங் பதிவை எழுத்தாக்கி, குறிப்பெடுத்துத் தரச் சொல்லி ஒட்டியிருந்தார்கள். மே மாதம் நிறுவனம் தடை போட்டது. 2025 ஜனவரியில் இந்திய நிதி அமைச்சகமும் அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தவிர்க்கச் சொல்லி ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

அமைச்சகத்துக்கு இது பொருந்தும். அங்கே கோப்பு வெளியே போவதே குற்றம், மெயில் ஒரு நாள் தாமதமானால் யாருடைய ஆர்டரும் கைவிட்டுப் போகாது. நம் மெர்ச்சண்டைசருக்கு அப்படியில்லை. அவர் தன் கைப்பேசியை எடுப்பார், கணினித் திரையைப் படம் பிடிப்பார், சொந்தக் கணக்கில் ஏற்றுவார். ஒரு பத்தியை ஒட்டியிருந்தால் அந்தப் பத்தி மட்டும்தான் போயிருக்கும். படமெடுத்தால் பையர் பெயர், மெயில் முகவரி, ஓரத்தில் திறந்திருக்கும் வாட்ஸ்ஆப் எல்லாம் சேர்ந்து போகும். தடையை மீறியது தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்பதால், தவறு நடந்த பிறகும் வாய் திறக்க மாட்டார். தடை போட்ட முதலாளிக்கு நிம்மதி கிடைக்கிறது, கசிவு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகிறது.

ஒற்றை வரி

"நிறுவனத்தின் ரகசியத் தகவல்களைப் பொது சாட்பாட்களில் பகிர வேண்டாம்." பெரும்பாலான அலுவலகங்களில் சுற்றுவது இதுதான். எனக்கு மூன்றிலும் பிடிக்காதது இதுதான். தடையாவது தெளிவாக இருக்கிறது.

ரகசியம் எது என்று தீர்மானிக்கும் வேலையை இந்த வரி ஊழியர் தலையில் கட்டிவிடுகிறது. விலைக் கணக்கு இருக்கும் காஸ்டிங் ஷீட் ரகசியம் என்று எல்லோருக்கும் தெரியும். டெக் பேக்? அது பையர் அனுப்பியது, நம்முடையது இல்லையே என்று தோன்றும். உண்மையில் அதுதான் அதிக ஆபத்தானது. அடுத்த சீசனில் கடைக்கு வரப்போகும் டிசைன், அளவு அட்டவணை, பிரிண்ட் ஆர்ட்வொர்க் எல்லாம் அதில் இருக்கும். மூன்றாம் ஆளிடம் காட்டமாட்டோம் என்று பையரிடம் கையெழுத்தும் போட்டிருப்போம். ஆடிட்டில் வந்த குறைகளின் அறிக்கையும் இப்படித்தான். "இதற்குத் திருத்த நடவடிக்கை எழுதிக் கொடு" என்று முழு அறிக்கையையும் ஒட்டுகிறவருக்கு அது ரகசியமாகவே தெரியாது, அவருக்கு அது தினசரி வேலை. சாம்சங்கில் மீட்டிங் பதிவை ஒட்டியவரும் ரகசியத்தை விற்க நினைக்கவில்லை, மினிட்ஸ் எழுதும் வேலையைக் குறைக்க நினைத்தார்.

பெயர் சொல்லும் பட்டியல்

மூன்றாவது வழியில் நோட் மேசையில் இருக்கும் காகிதங்களின் பெயரைச் சொல்கிறது. இந்தக் கம்பெனிக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> பொது சாட்பாட் என்றால்: இலவசக் கணக்கு, நீங்கள் சொந்தக் காசில் வாங்கிய கணக்கு, கைப்பேசி ஆப், எல்லாமே.
>
> எந்தக் காரணத்துக்கும் ஒட்டவோ, ஏற்றவோ, படமெடுத்து அனுப்பவோ கூடாதவை: பையரின் டெக் பேக், ஆர்ட்வொர்க், பி.ஓ.; காஸ்டிங் ஷீட், அதில் உள்ள எந்த விலையும்; சம்பளப் பட்டியல், ஆதார், பான், யு.ஏ.என்., இ.எஸ்.ஐ. எண், வங்கிக் கணக்கு, மருத்துவச் சான்று, ஆடிட் அறிக்கை, மீட்டிங் பதிவு, எந்தப் பாஸ்வேர்டும், ஓ.டி.பி.யும்.
>
> கேட்கலாம்: மெயில் நடை, ஆங்கிலத் திருத்தம், எக்செல் ஃபார்முலா, பொதுவான விதிமுறை விளக்கம். பெயரும் எண்ணும் இல்லாமல் கேளுங்கள்.
>
> தவறி ஒட்டிவிட்டால் அன்றே ஐ.டி.க்குச் சொல்லுங்கள். சொன்னதற்காக நடவடிக்கை இல்லை.

முதல் வரியை விட்டுவிடக் கூடாது. காசு கொடுத்து வாங்கிய கணக்கு பத்திரமானது என்று பலர் நினைக்கிறார்கள். சாட்ஜிபிடியில் தனிநபர் சந்தா கட்டினாலும், அமைப்புகளில் `Improve the model for everyone` என்பதை நீங்களாக அணைக்காவிட்டால் உங்கள் உரையாடல் அந்த சாட்பாட்டுக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படலாம். நிறுவனங்களுக்கான கணக்கில்தான் அது தொடக்கத்திலேயே அணைந்திருக்கிறது.

பயிற்சியைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். போட்டிக் கம்பெனிக்காரர் ஏதோ கேட்க, சாட்பாட் உங்கள் காஸ்டிங்கை எடுத்து நீட்டிவிடும் என்ற பயம் அது. என் கணக்கில் அதற்கு வாய்ப்பு குறைவு. கசிவு இதைவிடச் சாதாரண வழியில்தான் நடக்கும். ஐந்து பேர் ஒரே லாகினைப் பகிர்ந்துகொள்வார்கள், ஒருவர் ஒட்டியது பக்கத்தில் உள்ள பட்டியலில் மற்ற நால்வருக்கும் தெரியும். வேலையை விட்டுப் போனவர் கைப்பேசியிலும் அந்த லாகின் இருக்கும். சக ஊழியருக்குக் காட்ட ஒருவர் பகிர்வு லிங்க் உருவாக்குவார். 2025 ஜூலையில், இப்படி லிங்க் உருவாக்கும்போது தேடலில் தெரியட்டும் என்று டிக் செய்த உரையாடல்கள் கூகுள் தேடலில் வெளியே வந்தன, அதன் பிறகு சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ அந்த வசதியை எடுத்துவிட்டது.

சரி, அந்த ஏழு மணி மெயிலுக்கு வருவோம். டி-ஷர்ட் ஒன்றுக்கு 3.40 டாலர் சொல்லியிருக்கிறோம், பையர் 3.20 கேட்கிறார், 3.28க்குக் கீழே போனால் நமக்கு நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றை வரி நோட்டைப் படித்தவர் முழு மெயில் சங்கிலியையும் காஸ்டிங்கையும் ஒட்டி, "பதில் எழுதிக் கொடு" என்பார். நம்முடைய கடைசி விலை 3.28 என்பதும் அதோடு போய்விடுகிறது. பட்டியலைப் படித்தவர் இப்படிக் கேட்பார்: "ஆடை ஏற்றுமதி செய்கிறோம். பழைய வாடிக்கையாளர் விலைக் குறைப்பு கேட்கிறார். நூல் விலை ஏறியிருப்பதால் கேட்ட அளவு முடியாது. ஆர்டர் அளவைக் கூட்டினால் கொஞ்சம் குறைக்கலாம். மரியாதையாக, சுருக்கமாக ஆங்கில மெயில் வேண்டும். விலை வரும் இடத்தில் கோடு போட்டு விடு." வரும் பதிலில் தரக்குறைவு எதுவும் இருக்காது, ஏனென்றால் நல்ல மெயிலுக்குத் தேவை சூழ்நிலைதான், எண் இல்லை. கோடிட்ட இடத்தில் விலையைத் தன் மெயில் பெட்டியில் வைத்துக் கையால் நிரப்பிக்கொள்ளலாம். எக்செல் பிரச்சினையும் அப்படியே. தலைப்பு வரிசையையும் கற்பனை எண்கள் கொண்ட மூன்று வரிகளையும் கொடுத்தால் ஃபார்முலா வந்துவிடும்.

இந்த இடத்தில் நாலாவதாக ஒரு யோசனை சொல்வார்கள்: பட்டியலே வேண்டாம், பெயரை மறைத்துவிட்டு எதை வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று எழுதிவிடுவோம். நான் இதை ஏற்கமாட்டேன். மறைப்பது பார்ப்பதற்குச் சுலபம், செய்வதற்குக் கஷ்டம். கம்பெனி பெயரை அழித்துவிட்டு ஜி.எஸ்.டி. எண்ணை விட்டுவிடுவார்கள். அந்த 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அப்படியே பான் எண். பையர் பெயரை நீக்கிவிட்டு ஸ்டைல் நம்பரை விட்டாலும் இதே கதைதான், அந்தத் தொழிலில் இருப்பவருக்கு அது யாருடைய எண் என்று புரியும். எக்செலில் மறைத்து வைத்த நெடுவரிசை, கோப்பை ஏற்றும்போது கூடவே போகும். மறைத்த ஷீட்டும் போகும். கோப்பின் பெயரிலேயே பையர் பெயரும் சீசனும் இருக்கும். அதனால் நோட்டில் கூடாது என்று சொன்ன எதற்கும், முக்கியமாகச் சம்பளப் பட்டியலுக்கும் டெக் பேக்குக்கும், மறைத்து ஒட்டும் சலுகையே கூடாது. இவற்றுக்கு முழுத் தடைதான் சரி.

சம்பளப் பட்டியலில் சட்டமும் இருக்கிறது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஊழியர்களின் விவரங்களைப் பாதுகாக்கும் பொறுப்பை நிறுவனத்தின் மேல் வைக்கிறது. போதிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் கசிந்தால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். ஒட்டியது ஹெச்.ஆர். உதவியாளராக இருக்கலாம், பதில் சொல்ல வேண்டியது கம்பெனி.

நிறுவனக் கணக்கு வாங்கிக் கொடுத்துவிட்டால் நோட்டே தேவையில்லையே என்று கேட்கலாம். பகிர்ந்த லாகினும் பயிற்சி பற்றிய கவலையும் தீரும், ஆகவே கட்டுப்படியானால் வாங்கலாம். ஆனால் டெக் பேக்கை மூன்றாம் ஆளிடம் காட்டமாட்டோம் என்ற கையெழுத்து அப்படியேதான் இருக்கிறது. சாட்பாட் நிறுவனமும் மூன்றாம் ஆள்தான். பையரிடம் எழுத்தில் அனுமதி வாங்கும் வரை அந்த வரியைப் பட்டியலிலிருந்து எடுக்க முடியாது.

தவறு நடந்த பிறகு என்ன என்பதில்தான் மூன்று வழிகளும் மிகவும் விலகுகின்றன. தடை பயமுறுத்துகிறது, ஒற்றை வரி எதுவும் சொல்வதில்லை. பட்டியல், சொன்னால் நடவடிக்கை இல்லை என்று எழுத்தில் கொடுக்கிறது. அப்படிச் சொல்ல வைத்தால்தான் ஐ.டி.யால் ஏதாவது செய்ய முடியும். ஒட்டியது பாஸ்வேர்டு என்றால் உடனே மாற்ற வேண்டும், உரையாடலை அழிப்பது அதற்குப் பரிகாரம் இல்லை. மற்றவற்றுக்கு அழிக்கலாம், ஆனால் அதை முழுதாக நம்ப வேண்டாம். அழித்த உரையாடல் 30 நாளுக்குள் நீக்கப்படும் என்பது ஓப்பன்ஏஐயின் வழக்கம். 2025இல், ஓப்பன்ஏஐ மேல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை போட்ட வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் அழித்தவற்றையும் பத்திரப்படுத்தச் சொன்னது, சில மாதங்களுக்கு அந்த வழக்கம் நின்றது. டெக் பேக் போய்விட்டால் பையருக்கு நாமே முதலில் சொல்ல வேண்டியிருக்கும். அதை முடிவு செய்ய வேண்டியவர் முதலாளி, மெர்ச்சண்டைசர் அல்ல.

பட்டியலின் குறை ஒன்றுதான்: அது பழசாகும். புது பையர், புது ஆப், புது அறிக்கை என்று வந்துகொண்டே இருக்கும். ஆகவே நோட்டின் அடியில், பட்டியலில் இல்லாததைப் பற்றி யாரிடம் கேட்பது என்று ஒருவர் பெயரும் அவரது உள்தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். மாலை ஏழு மணிக்கும் அந்த எண்ணை எடுப்பவராக அவர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேள்வி நேராக சாட்பாட்டுக்குத்தான் போகும்.