ஞானப்பல் அறுவைக்குப் பின் தையல்: சில்க்கா, விக்ரிலா? எந்த ஊசி, எந்த முடிச்சு, எப்போது பிரிப்பது?

கீழ்த்தாடை எலும்புக்குள் சாய்ந்து கிடந்த ஞானப்பல்லை ஃப்ளாப் தூக்கி, எலும்பைக் குடைந்து எடுத்தாகிவிட்டது. இனி தையல். சென்னை ஓபிகளில் பயிற்சிக்கு வரும் சிஆர்ஐ முன்னால் பெரும்பாலும் இரண்டு பாக்கெட்டுகள் இருக்கும்: 3-0 கறுப்பு சில்க், 4-0 விக்ரில். எது நல்லது என்று கேட்டால் "கரைகிற நூல்தான் வசதி, பிரிக்க வேண்டாம்" என்பதே வழக்கமான பதில். அந்தப் பதில் பாதிதான் சரி. நோயாளி ஏழாம் நாள் திரும்பி வருவார் என்றால் சில்க் போதும். வரமாட்டார் என்றால் சாதாரண விக்ரில் அதற்குத் தீர்வு அல்ல. வேகமாகக் கரையும் விக்ரில் ரேபிட்தான் தீர்வு. எந்த நூலாக இருந்தாலும், காயம் பிளப்பது பெரும்பாலும் ஊசி போன வழியாலும் முடிச்சு உட்கார்ந்த விதத்தாலும்தான்.

நூல்

சில்க் பல இழைகளைப் பின்னிய நூல். கைக்கு மெத்தென்று இருக்கும், சொன்னபடி வளையும், முடிச்சு பிடித்துக்கொள்ளும். வெட்டிவிட்ட முனை கன்னத்தையும் நாக்கையும் குத்தாது. கறுப்பு நிறம் என்பதால் பிரிக்கும்போது எளிதில் கண்ணில் படும். விலையும் குறைவு. குறை அந்தப் பின்னலில்தான் இருக்கிறது. இழைகளுக்கு இடையே எச்சிலும் கிருமியும் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறி, நூல் போகும் துளை வழியாகத் திசுவுக்குள் இறங்கும். அதனால்தான் சில்க்கை ஒரு வாரத்துக்கு மேல் வாயில் விட்டுவைப்பதில்லை.

விக்ரில், அதாவது பாலிகிளாக்டின் 910, இதுவும் பின்னிய நூலே. மேலே பூச்சு இருப்பதால் திசுவுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழுக்கல் முடிச்சிலும் இருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. தண்ணீர் மெல்ல உடைத்துக் கரைக்கிற நூல் இது. மூன்று வாரத்தில் பாதி பலம் மிஞ்சும். முழுதாகக் கரைய 56 முதல் 70 நாள் ஆகும். வாயில் அதற்கு முன்பே அவிழ்ந்தோ அறுந்தோ விழுவதுண்டு. ஆனாலும் இரண்டாவது வாரம் தாண்டியும் முடிச்சு அப்படியே நின்று, சோறும் கறையும் ஒட்டி, "இது எப்போது சார் விழும்?" என்று நோயாளி திரும்பி வருவது சாதாரணம். அப்போது அதையும் கையால்தான் பிரிக்க வேண்டும். விக்ரில் ரேபிட் அப்படியல்ல. ஐந்தாம் நாள் பாதி பலம் போய்விடும், 10 முதல் 14 நாளுக்குள் பலம் முழுதும் தீர்ந்துவிடும். ஞானப்பல் காயத்துக்குத் தேவைப்படும் பிடிமானமும் ஏறக்குறைய அவ்வளவு நாளைக்குத்தான்.

நைலான், பாலிப்ரொப்பிலீன் போன்ற ஒற்றை இழை நூல்களில் கிருமி ஏறாது. ஆனால் அவை விறைப்பானவை. வெட்டிய முனை கன்னத்தைக் கீறும், முடிச்சு அவிழப் பார்க்கும். வாயின் பின்பகுதியில் தொடக்கநிலையினர் இவற்றை எடுக்க வேண்டிய தேவை அரிது.

ஊசி

ஊசியில் முதலில் பார்க்க வேண்டியது குறுக்குவெட்டு. முக்கோண முனை ஊசிகள் இரண்டு வகை. கன்வென்ஷனல் கட்டிங் ஊசியில் வெட்டும் விளிம்பு உள்வளைவில், அதாவது காயத்தின் ஓரத்தைப் பார்த்தபடி இருக்கும். ரிவர்ஸ் கட்டிங்கில் அது வெளிவளைவில். தையல் இறுகும்போது நூல் இழுப்பது காயத்தின் ஓரத்தை நோக்கித்தான். ஓரத்தின் பக்கம் ஏற்கெனவே ஒரு கீறல் இருந்தால், நூல் அந்தக் கீறலைப் பிடித்துக்கொண்டு ஈறைக் கிழித்து வெளியே வந்துவிடும். ரிவர்ஸ் கட்டிங் போட்ட துளையில் ஓரத்தின் பக்கம் தட்டையான சுவர் இருக்கும். நூல் அதில் சாய்ந்து நிற்கும். வாயில் ரிவர்ஸ் கட்டிங்கே முதல் தேர்வாக இருக்கக் காரணம் இதுதான். உருண்டை ஊசி நாக்குத் தசை போன்ற மெத்தென்ற திசுவுக்குச் சரி. எலும்போடு ஒட்டிய கெட்டியான ஈறில் அது துளைக்காமல் வளையும்.

அடுத்தது வளைவு. முன்பற்கள் பக்கம் 3/8 வட்ட ஊசி சுகமாக வரும். ஆனால் அது திசுவுக்குள் புகுந்து வெளியேறக் கொஞ்சம் அகலமான இடம் கேட்கும். இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் அந்த இடம் இருக்காது, அதுவும் வாய் முழுதாகத் திறக்காதவரிடம். அங்கே 1/2 வட்ட ஊசி, நீளம் 16 முதல் 20 மில்லிமீட்டர், மணிக்கட்டை நன்றாகத் திருப்பினால் குறுகிய இடத்திலேயே சுற்றி வந்துவிடும். கைவசம் 3/8 மட்டும்தான் இருக்கிறது என்றால், இரண்டு ஓரங்களையும் ஒரே வீச்சில் பிடிக்க முயல வேண்டாம். ஒரு பக்கம் குத்தி ஊசியை முழுதாக வெளியே எடுத்து, மறுபடி பிடித்து அடுத்த பக்கம் குத்துங்கள்.

நீடில் ஹோல்டரின் நுனியால், நூல் சேருமிடத்திலிருந்து ஊசி நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பிடிக்க வேண்டும். நூல் சேருமிடம் ஊசியின் பலவீனமான பகுதி. அங்கே பிடித்துத் திருகினால் வளையும், சில சமயம் முறியும். நுனியைப் பிடித்து இழுத்தாலோ முனை மழுங்கி, அடுத்த தையலில் ஈறைக் கிழிக்கும்.

முடிச்சு

இங்கே போட்டி சர்ஜன்ஸ் நாட்டுக்கும், தெரியாமல் விழுந்துவிடும் கிரானி நாட்டுக்கும்தான். சர்ஜன்ஸ் நாட்டில் முதல் சுற்றில் நூலை நீடில் ஹோல்டர் மேல் இரண்டு முறை சுற்றுகிறோம். இரண்டாவது சுற்று எதிர்த் திசையில் ஒரு முறை. மூன்றாவது, மறுபடி முதல் திசையில் ஒரு முறை. முதலில் இரட்டைச் சுற்று இருப்பதால் அடுத்த சுற்றுப் போடும்வரை ஓரங்கள் விலகாமல் நிற்கும். சில்க்குக்கு இந்த மூன்று போதும். விக்ரிலின் பூச்சு வழுக்கும், அதனால் நான்காவது சுற்று ஒன்று சேருங்கள். ஒற்றை இழை நூல் என்றால் ஐந்துக்குக் குறையக் கூடாது.

ஒவ்வொரு சுற்றையும் ஒரே திசையில் போட்டால் கிரானி. பார்க்க இறுகியதுபோல இருக்கும், இரவோடு இரவாக நழுவிவிடும். தவிர்க்க எளிய வழி: ஒவ்வொரு முறையும் நீடில் ஹோல்டரை நீள நூலுக்கும் குட்டை முனைக்கும் நடுவில் வைத்து, நீள நூலை அதன் மேல் சுற்றுங்கள், சுற்று முடிந்ததும் கைகள் இடம் மாறி எதிர்ப்பக்கம் போக வேண்டும். இரண்டு முனைகளையும் ஈறுக்கு இணையாக, கிடைமட்டமாக இழுத்தால் முடிச்சு தட்டையாக உட்காரும். மேலே தூக்கி இழுத்தால் ஓரம் கிழியும்.

இறுக்கம் எவ்வளவு? ஓரங்கள் தொட்டால் போதும். முடிச்சைச் சுற்றி ஈறு வெளுத்தால் இரத்தம் போகவில்லை என்று அர்த்தம். வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். வீக்கம் 48 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். இன்று இறுக்கமாக இருப்பது நாளை மறுநாள் நெரிக்கும், அங்கே திசு அழுகித் தையல் அறுத்துக்கொண்டு வரும். மூன்றாம் நாள் காயம் பிளந்து வரும் பலரிடம் காரணம் நூல் தளர்ந்தது அல்ல, கூடுதலாக இறுகியதுதான்.

ஒரு கேஸ்

திண்டிவனத்திலிருந்து வந்த 24 வயது இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். வேலை ஸ்ரீபெரும்புதூரில், ஷிப்ட். முன்பக்கம் சாய்ந்த 48-ஆம் பல் எடுத்தாயிற்று. முதலில் சலைனால் குழியையும், முக்கியமாகக் கன்னப் பக்க ஃப்ளாப்பின் அடியையும் நன்றாகக் கழுவ வேண்டும். எலும்புத் தூள் அங்கேதான் தங்கும். தங்கினால் வாரம் கழித்துச் சீழ் வைக்கும்.

முதல் தையல், இரண்டாம் கடைவாய்ப்பல்லின் பின்முனையை ஒட்டி. ஃப்ளாப்பை அதன் இடத்தில் நிறுத்துவது இதுதான். அசையும் பக்கத்திலிருந்து அசையாத பக்கத்துக்கு என்பதால், கன்னப் பக்க ஃப்ளாப்பில் ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி, ஊசியைச் செங்குத்தாக வைத்துத் தொடங்குங்கள். நாக்குப் பக்கம் வரும்போது ஆழம் வேண்டாம். நாக்கு நரம்பு சிலருக்கு எலும்பு விளிம்பின் உயரத்திலேயே, சளிச்சவ்வுக்குச் சற்று அடியில் ஓடும். ஊசி முனை சவ்வின் அடியில் எங்கே இருக்கிறது என்று தெரியும் அளவுக்கு மேலாகவே போக வேண்டும். முடிச்சை வெட்டுக்கோட்டின் மேல் விடாமல் கன்னப் பக்கம் தள்ளி வையுங்கள். சில்க் முனையை 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டினால் பிரிக்கும்போது பிடிக்க வாகாக இருக்கும்.

இரண்டாவது தையல் பின்பக்க வெட்டில். முன்பக்கம் இறங்கும் வெட்டைத் தைக்காமல் விடலாம். அதன் வழியே கசிவு வடிந்தால் வீக்கமும் வாய் திறக்க முடியாத சிரமமும் குறையும். எல்லாவற்றையும் நீர் புகாதபடி தைத்து மூடுவது இங்கே நன்மை செய்யாது. கேஸ் ஷீட்டில் "2 தையல், சில்க் 3-0" என்று எழுதியே ஆக வேண்டும்.

இவர் ஏழாம் நாள் வருவாரா? லீவு கிடைக்காது, கிளாம்பாக்கம் வந்து மாறி மறுபடி வர முடியாது என்றால், தொடக்கத்திலேயே 4-0 விக்ரில் ரேபிட் போட்டிருக்க வேண்டும். நூலைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

பிரிப்பது

வாய்க்குள் போட்ட சில்க்குக்கு ஏழாம் நாள் நல்ல கணக்கு. ஐந்து முதல் ஏழு நாள் ஏற்கத்தக்கது. மூன்றாம் நாளே எடுத்தால் வீக்கம் உச்சத்தில் இருக்கும், ஓரங்கள் விலகும். பதினைந்து நாள் விட்டால் துளையைச் சுற்றிச் சிவந்து, சிறு சதை வளர்ந்து, முடிச்சு அதற்குள் புதைந்துவிடும்.

0.2 சதவீத குளோர்ஹெக்சிடினால் துடைத்து, படிந்த அழுக்கை முதலில் எடுங்கள். முடிச்சின் முனையை ட்வீசரால் பிடித்து மெல்லத் தூக்கினால், உள்ளே இருந்த சுத்தமான நூல் கொஞ்சம் வெளியே தெரியும். அந்த இடத்தில், ஈறை ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் வெட்டுங்கள். இரண்டு பக்கமும் வெட்டினால் உள்ளே இருக்கும் துண்டு அங்கேயே தங்கிவிடும். முடிச்சைக் காயத்தின் பக்கமாகச் சாய்த்து இழுங்கள். வெளிப்பக்கம் இழுத்தால் ஓரங்கள் பிரியும். எடுத்தவற்றை எண்ணி கேஸ் ஷீட்டோடு ஒப்பிடுங்கள். ஒன்று குறைந்தால் பின்பக்க வெட்டைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் புதைந்திருக்கும்.

மூன்று நான்கு நாளிலேயே தையல் அறுந்து காயம் திறந்திருந்தால் மறுபடி தைக்க வேண்டாம். அந்த ஓரம் ஊசியைத் தாங்காது. சலைனால் கழுவி விட்டால் அடியிலிருந்து ஆறிக்கொண்டு வரும். மேல்தாடையில் சைனஸ் திறந்துகொண்டதை மூடிய தையலுக்கு மட்டும் இந்த ஏழு நாள் கணக்கு பொருந்தாது: அங்கே ஃப்ளாப் இழுபட்டு நிற்கிறது, 10 முதல் 14 நாள் வரை விட வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர், நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுப்பவர் என்றால் நாளை மட்டும் நம்பாதீர்கள். ஒரு தையலை வெட்டிப் பார்த்து, ஓரம் அசையவில்லை என்றால் மட்டும் மிச்சத்தை எடுங்கள்.