ஓடிபி சொன்னேன், புகார் முடிந்தது, ஃபிரிட்ஜ் சரியாகவில்லை: 6,850 ரூபாய் போய்விட்டது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வாரண்டிக்குள் சொன்ன பழுதுக்கு நேற்று முன்தினம் 6,850 ரூபாய் கட்டினேன். பழுது சரியாகாமலே எங்கள் புகாரை ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடினார்கள். மறுபடி திறக்கச் சொன்னேன், திறந்து திரும்பவும் மூடினார்கள். அதற்குள் வாரண்டி முடிந்துவிட்டது. கம்பெனி பெயரை எழுதவில்லை. எல்லோர் வீட்டிலும் ஏதாவது ஒரு பொருளாவது இருக்கும் பெரிய கம்பெனி, அவ்வளவுதான்.

ஃபிரிட்ஜ் வாங்கியது 2024 ஜூன் 14. இரண்டு கதவு வைத்தது, தானாகவே பனியை உருக்கிக்கொள்ளும் வகை. ஒரு வருட வாரண்டி, அதாவது 2025 ஜூன் 13 வரை. இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மே கடைசியில் கீழ்ப்பகுதி குளிரவில்லை. மேலே ஃப்ரீசரில் ஐஸ் நன்றாகவே பிடித்தது, கீழே வைத்த பால் மட்டும் திரிந்தது. இட்லி மாவு ஒரே நாளில் புளித்துப் பொங்கியது. மாவும் பாலும் போனால் போகட்டும். அம்மாவுக்கு இன்சுலின் கீழ்த் தட்டில்தான் இருக்கிறது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அதனால் ஜூன் 2-ஆம் தேதி காலையிலேயே புகார் பதிந்தேன். வாரண்டி முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது.

4-ஆம் தேதி ஒரு தம்பி வந்தார். வயது இருபத்து நான்கு இருக்கும், நல்ல மரியாதையாகப் பேசினார். கதவைத் திறந்து பார்த்தார், பின்பக்கம் கை வைத்துப் பார்த்தார், ஃப்ரீசரின் உள் பலகையைக் கழற்றவில்லை. “அக்கா, உள்ள ஐஸ் கட்டியிருக்கு. ஆஃப் பண்ணி ரெண்டு கதவையும் திறந்து வைங்க. நாளைக்குக் காலைல போடுங்க, கூலிங் வந்துரும்” என்றார். வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். “பார்ட் எடுத்துட்டு நானே வர்றேன்க்கா. என் நம்பர் வச்சுக்கோங்க. இப்ப உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், அதைச் சொல்லிடுங்க. இல்லன்னா இந்த வேலை பெண்டிங்ல நிக்கும், எனக்குத்தான் பிரச்சினை.”

சொல்லிவிட்டேன். ஆறு எண்கள். மத்தியான வெயிலில் பைக்கில் வந்த பிள்ளை, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், அவருக்குப் பிரச்சினை வேண்டாமே என்று நினைத்தேன். வந்துபோனதற்கு அடையாளமாக அந்த எண்ணைக் கேட்கிறார்கள் என்றுதான் எண்ணினேன். ‘வேலை முடிந்தது, எனக்குத் திருப்தி’ என்று நான் போடும் கையெழுத்துதான் அது என்பது தெரியாது. அவர் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார், புகார் தீர்க்கப்பட்டது என்று எஸ்எம்எஸ் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் போட்டேன். அருமையாகக் குளிர்ந்தது. நிம்மதியாக இருந்துவிட்டேன். இங்கேதான் ஏமாந்தேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த வகை ஃபிரிட்ஜில் ஃப்ரீசருக்குப் பின்னால் இருக்கும் சுருள்குழாயில்தான் குளிர் உண்டாகிறது. காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் பனியாகப் படியும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன ஹீட்டர் தானாக ஓடி அந்தப் பனியை உருக்கும், தண்ணீர் பின்னாலிருக்கும் தட்டில் இறங்கிவிடும். ஹீட்டர் போய்விட்டால் பனி உருகாது. நாளுக்கு நாள் தடித்து, குளிர்காற்று கீழே இறங்கும் வழியை அடைத்துவிடும். மேலே ஐஸ், கீழே வெக்கை. ஒரு ராத்திரி முழுக்க அணைத்து வைத்தால் அந்தப் பனி முழுவதும் கரைந்துவிடும், ஃபிரிட்ஜ் புதுசு மாதிரி ஓடும். ஆனால் ஹீட்டர் செத்தது செத்ததுதான். மறுபடி பனி ஏறி வழியை அடைக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் மறுநாள் காலையில் குளிர்வதை வைத்துப் பழுது தீர்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது. மெக்கானிக் வேலை பார்ப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது.

ஜூன் 11 ராத்திரி மறுபடி கீழ்ப்பகுதி வெதுவெதுப்பு. அந்தத் தம்பிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. 12-ஆம் தேதி காலை கஸ்டமர் கேர். பழைய புகார் எண்ணைச் சொல்லி, இது அதே பழுது, புதுசு இல்லை, அதையே திறங்கள் என்றேன். “சரி மேடம், ரீஓப்பன் பண்ணியாச்சு. 24 மணி நேரத்துல டெக்னீஷியன் வருவார்.” நான் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். யாரும் வரவில்லை. 13-ஆம் தேதி சாயங்காலம் எஸ்எம்எஸ்: வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியாததால் புகார் மூடப்படுகிறது. என் போனில் அந்த இரண்டு நாளும் அவர்களிடமிருந்து ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

உடனே கூப்பிட்டேன். சூப்பர்வைசர் திரும்ப அழைப்பார் என்றார்கள். அழைக்கவில்லை. 14-ஆம் தேதி காலையில் வேறொரு பெண் எடுத்தார். “மேடம், ஒரு புகாரை ஒரு தடவைதான் ரீஓப்பன் பண்ண முடியும். புதுசா ஒண்ணு போட்டுடுறேன். ஆனா உங்க வாரண்டி நேத்தோட முடிஞ்சிருச்சு. விசிட் சார்ஜ் 600 வரும்.”

எனக்குக் கை நடுங்கியது. 2-ஆம் தேதி சொன்ன பழுதும்மா, நீங்கள்தான் தீர்க்காமல் மூடியது என்றேன். “சிஸ்டத்துல ரிசால்வ்டுன்னு இருக்கு மேடம். நீங்க ஓடிபி கொடுத்திருக்கீங்க.” எத்தனை தடவை எப்படிக் கேட்டாலும் இதே இரண்டு வாக்கியம். இமெயில் அனுப்பினேன், அதற்கும் இதே பதில், அச்சடித்த மாதிரி. அவர்கள் பார்வையில் நான் எந்தக் குறையும் இல்லாத வாடிக்கையாளர், 14-ஆம் தேதிதான் முதல்முறையாகப் புதுப் பழுது சொல்கிறேன்.

இரண்டு நாள் அம்மாவின் மருந்தைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தோம். ஒவ்வொரு வேளையும் போய்க் கதவைத் தட்ட அம்மாவுக்குக் கூச்சம். வேறு வழியில்லாமல் புதுப் புகாருக்குச் சம்மதித்தேன்.

17-ஆம் தேதி வந்தவர் பெரியவர், அனுபவசாலி. வந்ததும் ஃப்ரீசர் பலகையைக் கழற்றினார். பின்னால் ஒரு செங்கல் பருமனுக்கு ஐஸ். அதை உருக்கிவிட்டு ஹீட்டரை மீட்டரில் வைத்துக் காட்டினார், முள் அசையவே இல்லை. “முதல்ல வந்தவன் இந்தப் பலகையைக் கழட்டியிருந்தா பத்து நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்மா” என்றார். முடித்த வேலைக்குத்தான் அவர்களுக்குக் கூலியாம், பெண்டிங் நின்றால் கூப்பிட்டுத் திட்டுவார்களாம், அதனால் சின்னப் பையன்கள் ஓடிபியை முதலில் வாங்கிவிடுகிறார்கள் என்றும் அவரே சொன்னார். அந்தத் தம்பிமேல் எனக்கு இப்போது பாதிக் கோபம்தான். மீதி முழுக்க அப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்துவைத்திருப்பவர்கள்மேல்.

பில்: ஹீட்டர் 1,450, சென்சரும் ஃப்யூஸும் 900, போர்டு 3,200, கூலி 700, விசிட் 600. மொத்தம் 6,850. வாரண்டியில் ஒரு ரூபாய் ஆகியிருக்காது. கம்ப்ரஸருக்குப் பத்து வருட வாரண்டி இருக்கிறதே என்று கேட்டேன். அது கம்ப்ரஸருக்கு மட்டும்தானாம்.

கட்டிய பிறகுதான் முதல் தம்பி விட்டுப்போன ஜாப் ஷீட்டை எடுத்துப் படித்தேன். ‘செக் செய்தேன், நன்றாக ஓடுகிறது’ என்று ஒரே வரி. மாற்றிய பாகம் என்ற கட்டம் காலி. சரியாகத்தான் ஓடியது என்றால் எதற்கு ராத்திரி முழுக்க அணைத்து வைக்கச் சொன்னார்? அந்தச் சீட்டை அன்றைக்கே, அவர் நிற்கும்போதே படித்திருந்தால் நான் ஓடிபி சொல்லியிருக்க மாட்டேன்.

நேற்று 1915-க்கு அடித்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசினார்கள். அவர்கள் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள், பணத்தைக் கொடு என்று உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். பொருளுக்கு நாம் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, நம் ஊரிலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 6,850 ரூபாய்க்காகப் போவாயா என்று வீட்டில் கேட்கிறார்கள். போவேன்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. இவ்வளவு மட்டும் சொல்கிறேன். பழுது தீராமல் ஓடிபி சொல்லாதீர்கள், எவ்வளவு பாவமாகக் கேட்டாலும். ஃபிரிட்ஜ் என்றால் பத்து நாளாவது ஓடிப் பார்க்காமல் தீர்ந்தது என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். ஜாப் ஷீட்டில் ‘பாகம் மாற்றவில்லை, கவனித்துப் பார்க்க வேண்டும்’ என்று எழுதச் சொல்லி போட்டோ எடுத்து வையுங்கள். மூடிவிட்டால் போனில் மட்டும் பேசாதீர்கள், அன்றைக்கே இமெயில் போடுங்கள்: பழைய புகார் எண், முதலில் சொன்ன தேதி, அதே பழுது தொடர்கிறது, இது புதுப் புகார் அல்ல. நான் 12-ஆம் தேதி போனில் சொன்னதற்கு என்னிடம் எழுத்தில் ஒன்றுமில்லை. அப்புறம், அவசரத்துக்குப் புது எண் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய எண்ணையும் அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கம்பெனியிலிருந்து ஒரு எஸ்எம்எஸ். 1915 வழியாக வந்த என் புகாருக்கு ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். கீழே நிலை: ‘தீர்க்கப்பட்டது’. இன்னும் யாரும் என்னிடம் பேசவில்லை.