நாணல் பேனாவும் 13 புள்ளிகளும்: ஒன்றரை வருட அனுபவம்

"அந்த நாணல் பேனா விலை குறைஞ்சிருக்குண்ணே, வாங்கட்டுமா?" தெம்பனீஸ் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நான் அந்தப் பேனாவால் எழுதுவதைக் காட்டும் டைம்லாப்ஸ் வீடியோவைப் பார்த்து வந்த ஆசை. பாராட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மனசு மாறிவிடும்.

அதில் நான் எழுதியது 'மாசில் வீணையும்' தேவாரம். வீணையின் 'ணை' ஒன்று போதும். பட்டை முனையைச் சாய்வு மாறாமல் பிடித்தால், சுழி இறங்கும்போது தடித்து, வலப்பக்கம் ஏறும்போது தானாக மெலியும். நாம் அழுத்தவே வேண்டாம்.

இனி என் எரிச்சல். நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் அதிகம். அதோடு மை வேறு. அரை மணி நேரத்தில் நாணல் ஊறிவிடும். எழுதும்போது தெரியாது. டைம்லாப்ஸ்தான் காட்டிக்கொடுத்தது. 2 விநாடிக்கு ஒரு படம், ஓட்டும்போது விநாடிக்கு 30 படம் என்பதால் என் ஒரு நிமிடம் அதில் ஒரு விநாடி. 40 விநாடி வீடியோவில் முதல் வரி மல்லிகை மொட்டு மாதிரி இருக்கிறது, நாலாவது வரியில் 'நீழலே' சோறு குழைந்த மாதிரி. மெல்லிய கோடுகள்தான் முதலில் பருக்கும். சந்தேகம் வந்தால் முனையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். உள்வாங்கினால் அந்தப் பேனாவுக்கு அன்றைக்கு ஓய்வு.

பெரிய கொடுமை புள்ளி. வரிகளை முடித்துவிட்டுக் கடைசியில் புள்ளி வைப்பது என் பழக்கம். இந்தப் பாட்டில் 13. நல்ல முனையை வைத்து எடுத்தால் சாய்சதுரமாக, கோலப்புள்ளி போல விழும். ஊறிய முனையால் வைத்தேன், பதின்மூன்றும் தலைப்பிரட்டை. (ஓலையில் எழுதியவர்கள் கிழிந்துவிடும் என்று புள்ளியையே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். புத்திசாலிகள்.)

இப்போது ஒரே அகலத்தில் மூன்று பேனா சீவி வைக்கிறேன். இரண்டு வரிக்கு ஒன்று, மூன்றாவது மை தொடாமல் புள்ளிக்கு. மைப்புட்டியில் நிற்கவிடுவதில்லை, உடனே துடைத்துப் படுக்கவைக்கிறேன். ஏர்கான் போட்டால் முனை இன்னும் கொஞ்சம் தாங்குகிறது, ஆனால் வீடியோவுக்காக நான் பாட்டைச் சொல்லும் குரலில் அதன் உறுமல் ஏறிவிடும். மெல்லிய குரலுக்காக மைக்கைக் கூட்டினால் உறுமலும் சேர்ந்தே கூடும். அதனால் பாட்டைப் பிறகு தனியாக, மின்விசிறியையும் அணைத்துவிட்டு, வேர்க்க வேர்க்கச் சொல்லிப் பதிவு செய்கிறேன்.

அந்தக் குரலை வீடியோவோடு சேர்த்ததில் எதிர்பாராத ஒன்று. புள்ளி வைக்கும் நேரம் ஒரு விநாடிகூட இல்லை, இரண்டு படத்துக்கு நடுவில் சில தப்பிவிடுகின்றன. கையே இல்லாமல் 'ம்' மேல் புள்ளி முளைக்கிறது, அதே சமயம் என் குரலும் அந்த 'ம்'மில் வாய் மூடுகிறது. ஒருமுறைதான் அப்படிப் பொருந்தியது. நூறு தடவை பார்த்திருப்பேன்.

தம்பி, வாங்காதீங்க. ஸ்டீல் நிப் போதும்.

நேற்று சீவியதில் என் பழைய பேனா சுண்டுவிரல் நீளத்துக்கு வந்துவிட்டது. அந்தக் குறைந்த விலையில் இரண்டு சொல்லிவைத்திருக்கிறேன்.