நின்றால் சூடு, ஓடினால் குளிர்: ஃபேனைப் பார்க்காமல் கம்ப்ரசரை மாற்றி ஏமாந்தேன்

அரை மாதச் சம்பளம். ஒரு துளி குளிர்ச்சிகூடக் கூடாமல் போய்விட்டது. நேற்று மாலைதான் உண்மை தெரிந்தது, கோபம் இன்னும் அடங்கவில்லை. உங்கள் கார் ஏசியிலும் இதே தொல்லை இருந்தால் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

வண்டி ஓடும்போது ஏசி நன்றாகக் குளிரும். சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் வெதுவெதுப்பான காற்று. மறுபடி நகர்ந்தால் அரை நிமிடத்தில் குளிர். கார் ஏசி மட்டுமே பார்க்கும் கடை ஒன்றுக்குப் போய் இதை அப்படியே சொன்னேன். அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிக்கூடப் பார்க்காமல் "கேஸ் கம்மி சார்" என்று ஏற்றி அனுப்பினார்கள். அப்புறம் நின்றால் இன்னும் மோசம். கம்ப்ரசர் டக் டக்கென்று விட்டு விட்டு ஓடியது.

இரண்டாம் முறை போனபோதுதான் நான் விழுந்தேன். "ஐடிலிங்ல கம்ப்ரசர் இழுக்கல சார். வேகமாப் போனா சுத்து கூடுது, அதான் குளிருது" என்றார் மெக்கானிக். கேட்க நியாயமாகவே இருந்தது. ஃபேனாக இருக்குமோ என்றும் கேட்டேன். என்னை உள்ளே உட்காரவைத்து, டேஷ்போர்டில் நடுவில் நின்ற சூட்டு முள்ளைக் காட்டினார். "ஃபேன் ஓடலைன்னா என்ஜின் கொதிச்சிருக்குமே சார்." அந்த முள்ளைப் பார்த்துத்தான் நம்பினேன். கம்ப்ரசரை மாற்றினார்கள். கேஸும் சேர்த்து அரை மாதச் சம்பளம்.

அன்று மாலை முதல் சிக்னலிலேயே அதே சூட்டுக் காற்று.

போன் செய்தால் "புது கம்ப்ரசர் சார், ஒரு வாரம் ஓட்டுங்க, செட்டாகிடும்" என்றார்கள். ஒரு வாரம் கழித்து "வெயில் அதிகம் சார், எல்லா வண்டியும் இப்படித்தான்" என்றார்கள். நேரில் போனால் முதலாளி வெளியே போயிருக்கிறாராம்.

நேற்று வேறொரு மெக்கானிக் ஏசியைப் போடச் சொல்லிவிட்டு, முதல் வேலையாக பானெட்டைத் திறந்தார். என் காரில் இரண்டு ஃபேன். ரேடியேட்டருக்கு ஒன்று, ஏசி கண்டென்சருக்கு ஒன்று. ரேடியேட்டர் ஃபேன் ஒழுங்காக ஓடியதால்தான் முள் நடுவிலேயே நின்றது. கண்டென்சர் ஃபேன் அசையவே இல்லை. கேஜை மாட்டினார். உயர் அழுத்தப் பக்கம் 350 பிஎஸ்ஐயையும் தாண்டி ஏறிக்கொண்டே போய், கம்ப்ரசர் தானாக நின்றது. அழுத்தம் அளவு மீறினால் சுவிட்ச் அதை நிறுத்திவிடுமாம். அந்த டக் டக் இதுதான்.

ஒரு குவளைத் தண்ணீரை முன்பக்க கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் ஊற்றினார். கேஜ் முள் சரசரவென்று இறங்கியது. வண்டி நின்ற இடத்திலேயே உள்ளே சில்லென்ற காற்று! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கேஸ் உள்ளேயிருந்து எடுத்துவரும் சூட்டைக் கண்டென்சர்தான் வெளியே தள்ள வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடும். நிற்கும்போது ஃபேன் மட்டுமே கதி. அவர் ஸ்குரூடிரைவர் பிடியால் மோட்டாரைத் தட்டினார், ஃபேன் சுற்றத் தொடங்கியது. உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. புது ஃபேன் மோட்டாருக்கு ஆன செலவு, நான் கொடுத்த அரை மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஏசி போட்டதும் கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா என்று நீங்களே பாருங்கள். கையை உள்ளே விடாதீர்கள், திடீரென்று சுற்றும். சுற்றவில்லையென்றால் மோட்டார்தான் என்றும் இல்லை, ஃபியூஸோ ரிலேயோகூட இருக்கலாம். அவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

வண்டியை நிறுத்தியபடியே ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து 1500, 2000 சுற்றில் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். அப்போது குளிர்ந்தால் கேஸோ கம்ப்ரசரோ சந்தேகப்படலாம். குளிராமல், ஓடினால் மட்டும் குளிர்ந்தால் முதலில் ஃபேனையும், கண்டென்சரில் குப்பை அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேஜ் காட்டாமல் கேஸ் ஏற்ற விடாதீர்கள். கேஸ் குறைந்திருந்தால் இரண்டு பக்க அழுத்தமும் குறைவாக இருக்கும். அளவுக்கு மேல் ஏற்றினால் நிற்கும்போது இன்னும் சூடாகும்.

எதை மாற்றினாலும் பழைய பாகத்தைக் கையோடு வாங்கிவிடுங்கள். நல்ல கம்ப்ரசராக இருந்த என்னுடையது எங்கே என்று இன்று காலையில் கேட்டேன். "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்" என்று போனை வைத்துவிட்டார்கள்.