பல்குச்சியா, ஏர் கன்னா, ஊசியா? போனில் அடைத்த பஞ்சை எடுக்கும் வழிகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறார் என் மைத்துனர். சென்ற மாதம் வீட்டுக்கு வந்தவர் போனையும் கேபிளையும் என் கையில் கொடுத்து, “மூன்றாவது கேபிள் வாங்கிவிட்டேன், மச்சான். இதுவும் நிற்கவில்லை” என்றார். கேபிளைச் செருகிப் பார்த்தேன். உள்ளே போனது, ஆனால் ‘க்ளிக்’ என்று உட்காரவில்லை. போனைக் கவிழ்த்ததும் கழன்று விழுந்தது. அதே கேபிளை என் போனில் செருகினால் பிளாஸ்டிக் தலை போனின் விளிம்போடு ஒட்டி நிற்கிறது. அவருடைய போனில் தலைக்கும் விளிம்புக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் உலோகம் வெளியே தெரிந்தது.

அந்த ஒரு மில்லிமீட்டர்தான் நோய் என்னவென்று சொல்லிவிட்டது. கேபிள் கெட்டிருந்தால் முழுதாக உட்கார்ந்த பிறகும் சார்ஜ் ஏறாது. முழுதாக உட்காரவே மறுத்தால் அடியில் ஏதோ கிடக்கிறது என்று பொருள். டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகக் காட்டிப் பார்த்தபோது துளையின் தரை உலோக நிறத்தில் இல்லை, சாம்பல் நிறத்தில் மெத்தென்று இருந்தது. தையல் மேசையில் பறக்கும் பஞ்சு சட்டைப் பையில் விழுகிறது, பையிலிருந்து துளைக்குள் போகிறது. ஒவ்வொரு இரவும் கேபிளைச் செருகும்போது அதன் உலோக விளிம்பு பஞ்சை அடியில் வைத்து இடித்துக் கெட்டிப்படுத்துகிறது. நாமே நாள்தோறும் திமிசு போடுகிறோம்.

இதற்கு அவர் ஏற்கெனவே ஒரு வைத்தியம் பார்த்திருந்தார். இயந்திரத்தில் படியும் பஞ்சை ஊத கம்பெனியில் ஏர் கன் இருக்கிறது. அங்கே எல்லோருமே போனுக்கும் அதைத்தான் பிடிக்கிறார்களாம். தளர்வாகக் கிடக்கும் தூசி அதில் பறந்துவிடும், அதை மறுக்கவில்லை. ஆனால் இடித்துக் கெட்டியான பஞ்சுக்கு அது உதவாது. காற்று வாய் வழியாகப் போய் அதே வாய் வழியாகத்தான் திரும்ப வேண்டும். பஞ்சுக்குப் பின்னால் போய் அதை வெளியே தள்ள வழியில்லாததால் இன்னும் அழுத்திவிடவும் கூடும். போதாக்குறைக்கு கம்ப்ரஸர் காற்றில் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து வரும். அந்த வேகத்தில் பக்கத்தில் இருக்கும் மைக்கின் மெல்லிய படலமும் கிழியலாம்.

கணினி துடைக்க விற்கும் காற்றுக் குப்பி இதைவிடச் சாது என்று நினைப்போம். நேராகப் பிடித்து விட்டுவிட்டு அழுத்தினால் சாதுதான். கொஞ்சம் சாய்த்தால் உள்ளே இருக்கும் திரவமே வெளியே பீய்ச்சும், பட்ட இடம் உறைபனி போல வெளுக்கும். ஐபோனைத் துடைக்க அழுத்தக் காற்று வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. வாயால் ஊதுவது இலவசம், ஆனால் மூச்சோடு ஈரமும் போகும். காற்று வகையில் நான் வைத்திருப்பது கேமரா லென்ஸுக்கான ரப்பர் ஊதி ஒன்றுதான். அதுவும் முதல் வேலைக்கு இல்லை, கடைசி வேலைக்கு.

அடுத்த போட்டியாளர் ஊசி. குண்டூசி, ஊக்கு, சிம் தட்டைத் திறக்கும் பின் என்று எது கையில் கிடைத்தாலும் குத்துவது பலருக்கும் பழக்கம். பஞ்சை எடுக்கும் திறமை மட்டும் பார்த்தால் ஊசிக்குத்தான் முதல் பரிசு. மெல்லியது, உடையாது, கூர்மையாகக் கொக்கி போடும். ஆனால் அது எங்கே நுழைகிறது என்பதைப் பார்க்க வேண்டும். டைப்-சி துளையின் நடுவில் ஒரு தகடு நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கனம் 0.7 மில்லிமீட்டர். மேல் பக்கம் 12, கீழ்ப் பக்கம் 12 என்று 24 தொடுமுனைகள் அதன்மேல் வரிசையாகப் பதிந்திருக்கின்றன, மேலே மெல்லிய தங்கப் பூச்சு. ஊசி நுனி ஒருமுறை வழுக்கினால் போதும், பூச்சு கீறிவிடும். கீறிய இடத்தில் வியர்வை ஈரம் பட்டு நாளடைவில் பச்சை பூக்கும். ஷாக் அடிக்கும் என்று பயப்படுகிறவர்கள் தவறான இடத்தில் பயப்படுகிறார்கள். நெம்பும்போது அந்த நாக்கு உடைவதும் முனை வளைவதும்தான் உண்மையான இழப்பு.

ஐபோன் 14 வரை வந்த லைட்னிங் துளையின் அமைப்பு வேறு. அதில் நாக்கு கிடையாது, உள்ளே வெறும் குழி. தொடுமுனைகள் குழியின் ஒரு பக்கச் சுவரில் இருக்கும். நடுவில் குச்சி விட்டாலும் இடிக்க ஒன்றும் இல்லை என்பதால் சுத்தம் செய்வது எளிது. லைட்னிங் போனில் ஊசி போட்டுப் பிழைத்தவர் அதே துணிச்சலோடு டைப்-சியில் இறங்கும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்.

ஆக, எனக்குப் பல்குச்சிதான். ஆனால் கடையில் வாங்கிய உருண்டைக் குச்சியை அப்படியே விட முடியாது. நாக்குக்கும் மேல் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. குச்சியின் நடுப்பகுதியோ அதைப் போல இரண்டு மடங்கு தடிமன். பிளேடால் இரண்டு பக்கமும் சீவித் தட்டையாக்கி, நுனியை உளி மாதிரி சாய்வாக வெட்டிக்கொள்ள வேண்டும். எச்சில் பட்ட குச்சியோ ஈரக் குச்சியோ கூடாது. ஈரமானால் நுனி பிரிந்து நாராகும், நாம் எடுக்க வந்த பஞ்சோடு அதுவும் சேரும். துடைப்பத்து ஈர்க்கு சீவாமலே நுழையும், ஆனால் வளைந்து கொடுப்பதால் கெட்டிப் பஞ்சைச் சுரண்டும் வலு அதற்கு இல்லை. மருந்துக் கடையில் பல் இடுக்குக்கு விற்கும் நூல் கட்டிய பிளாஸ்டிக் குச்சியின் கூர்வால் நன்றாக வேலை செய்யும். குட்டி பிரஷ் போல இருப்பதை மட்டும் வாங்காதீர்கள், அதன் நடுவில் கம்பி இருக்கும்.

மைத்துனரின் போனை அணைத்து, உறையைக் கழற்றி, துளை தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டேன். குச்சியை நாக்கின் பக்கம் கொண்டுபோகாமல் வெளிச்சுவரை ஒட்டி, ஒரு மூலையிலிருந்து இறக்கினேன். தரை தட்டியதும் நீளவாக்கில் மெதுவாக இழுத்து, மறு மூலையில் வெளியே கிளப்பினேன். முதல் இரண்டு முறை ஒன்றும் வரவில்லை. மூன்றாவது முறை நொய்யரிசி அளவில் ஒரு துண்டு வந்தது, கம்பளித் துணியை வெட்டியது போல. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் மேலே இளஞ்சிவப்பு, அதற்கு அடியில் கருநீலம், கடைசியில் அழுக்கு வெள்ளை. “இளஞ்சிவப்பு இந்த மாத ஆர்டர். கருநீலம் பொங்கலுக்கு முன்னால் ஓடியது” என்றார் மைத்துனர். அப்படியென்றால் பொங்கலுக்கும் முன்பிருந்தே சேர்ந்திருக்கிறது. நாக்கின் மறுபக்கத்திலும் இதே போல எடுத்து, கடைசியாக ரப்பர் ஊதியால் நான்கைந்து முறை ஊதினேன். கேபிளைச் செருகியபோது க்ளிக் கேட்டது, உலோகம் கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்று கேபிளுமே நல்ல கேபிள்கள்தான்.

ஸ்பிரிட் விடலாமா என்று கேட்பார்கள். காய்ந்த பஞ்சுக்கு அது தேவையே இல்லை, நனைந்த பஞ்சு சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கைக்குத் தடவும் சானிடைசரை எடுக்கவே கூடாது. அதில் தண்ணீர் உண்டு, பலவற்றில் கிளிசரினும் உண்டு. பிசுபிசுப்பு உள்ளேயே தங்கி அடுத்த பஞ்சுக்குப் பசையாகும்.

ஸ்பீக்கருக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. சார்ஜ் துளைக்கு அடி உண்டு, அடியில் கிடப்பதைக் கொக்கி போட்டு இழுக்கலாம். ஸ்பீக்கர் ஓட்டைகளுக்குப் பின்னால் இருப்பது மெல்லிய வலை. தூசி அந்த வலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. எந்தக் குச்சியை விட்டாலும் தூசி உள்ளே போகும், அல்லது வலை பொத்தலாகும். இவ்வளவு நேரம் புகழ்ந்த பல்குச்சியை இங்கே கீழே வைத்துவிட வேண்டும்.

இங்கே போட்டி குழந்தைகள் பல் தேய்க்கும் மென்மையான பிரஷுக்கும் ஒட்டும் பொருள்களுக்கும்தான். பிரஷ் புதியதாகவும் காய்ந்ததாகவும் இருக்கட்டும். ஓட்டைகள் கீழே பார்க்கும்படி போனைப் பிடித்து, கீழிருந்து ஓட்டை வரிசையின் போக்கில் வருடினால் தூசி தானாக உதிரும். மேலே பார்க்க வைத்துத் தேய்த்தால் நாமே உள்ளே பெருக்குகிறோம். பிரஷுக்கு வராத பிசுக்குத் தூசிக்கு, பெயிண்ட் அடிப்பவர்கள் ஒட்டும் காகித டேப் நல்லது. சிறு துண்டை ஒட்டி, விரலால் ஒருமுறை அமுக்கி, நேராக உரிக்க வேண்டும். அதன் பசை வலுக்குறைவு என்பதால் போனில் தங்காது. சுவரில் படம் ஒட்டும் களிமண் போன்ற பசை இதைவிட நன்றாக இழுக்கும். ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது இளகிவிடும். இளகியதை அமுக்கினால் ஓட்டைக்குள் இறங்கி, இழுக்கும்போது அறுந்து அங்கேயே அடைத்துக்கொள்ளும். கோடையில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

காதில் வைத்துக் கேட்கும் மேல் ஸ்பீக்கருக்கு ஒரு தனிக் குறிப்பு. பேச்சு மங்கலாகக் கேட்டால் முதலில் டெம்பர்டு கண்ணாடியைப் பாருங்கள். அதன் விளிம்புக்கும் பிளவுக்கும் நடுவில் காது எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாக வரி போட்டிருக்கும். அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டுப் பிரஷால் வருடினாலே பல போன்களில் குரல் திரும்பிவிடும்.

அடியில் சார்ஜ் துளைக்குப் பக்கத்தில் தனியாக ஓர் ஒற்றைத் துளை தெரிந்தால் அது பெரும்பாலும் மைக். சிம் தட்டின் துளை என்று நினைத்து அதில் பின்னைக் குத்தியவர்கள் நிறையப் பேர். சிம் துளையைச் சுற்றி எப்போதும் தட்டின் கோடு தெரியும், மைக்கைச் சுற்றி எந்தக் கோடும் இருக்காது. இரண்டு பக்கமும் ஓட்டை வரிசை இருந்து ஒரு பக்கத்தில் மட்டும் சத்தம் வந்தாலும் அடைப்பு என்று எண்ண வேண்டாம். பல போன்களில் ஸ்பீக்கர் ஒரு பக்கம்தான், மறுபக்கம் மைக் இருக்கும்.

சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் குரல் பதிவில் பத்து வினாடி பேசிப் பதிந்து கேளுங்கள், ஒரே பாட்டை ஒரே ஒலி அளவில் போட்டும் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் மறுபடி தேய்ப்பதில் பயனில்லை, பழுது வலைக்குப் பின்னால் இருக்கிறது. சார்ஜ் துளையிலும் இப்படித்தான். கேபிள் க்ளிக் என்று உட்கார்ந்த பிறகும் பிடித்துக்கொண்டிருந்தால்தான் ஏறுகிறது, நாக்கு ஆடுகிறது, முனைகளில் பச்சையோ கறுப்போ தெரிகிறது, செருகும் இடம் சுடுகிறது என்றால் குச்சியைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போக வேண்டும். பல ஆண்ட்ராய்டு போன்களில் சார்ஜிங் போர்டு தனித் துண்டாக இருக்கும், அதை மட்டும் மாற்றிவிடுவார்கள்.

மைத்துனர் இப்போது தையல் மேசையில் பாபின் டப்பாவுக்குள் சீவிய குச்சி இரண்டு வைத்திருக்கிறார். போன் சட்டைப் பையிலிருந்து ஜிப் போட்ட சின்னப் பைக்கு மாறிவிட்டது. ஏர் கன்னை மட்டும் பக்கத்து இயந்திரக்காரர் இன்னும் போனுக்குத்தான் பிடிக்கிறாராம்.