கழன்றதா, கழற்றப்பட்டதா, கழற்றினாரா? அறிக்கையில் செய்வினையும் செயப்பாட்டுவினையும்

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்பு அறிக்கை திருத்தத்துக்காக என்னிடம் வந்தது. இரண்டு நாள் தண்ணீர் வராமல் போனது ஏன் என்று குடியிருப்போருக்கு விளக்கும் அறிக்கை. அதன் முக்கியமான பத்தி இது:

“12-ஆம் தேதி இரவு 11.40 மணியளவில் மோட்டார் இயக்கப்பட்டது. கீழ்த்தொட்டியின் நீர்மட்டம் சரிபார்க்கப்படவில்லை. மிதவை சுவிட்சின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. இதனால் பம்ப் சேதப்படுத்தப்பட்டது. மெக்கானிக்கால் ஆய்வு மேற்கொள்ளப்பட்டு சீல் மாற்றப்பட்டது. இனி நீர்மட்டம் முறையாகக் கண்காணிக்கப்பட வேண்டும் என முடிவு செய்யப்பட்டது.”

எட்டு செயப்பாட்டுவினை. மொத்தப் பத்தியிலும் கண்ணில் படுகிற ஒரே மனிதர் மெக்கானிக். தப்பே செய்யாத அவர் பெயரில் மட்டும் ஒரு ‘ஆல்’ ஒட்டியிருக்கிறது.

இதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் செய்வினையாக மாற்று என்று சொல்லிவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் பேனாவை எடுத்தேன். முதல் இரண்டு வாக்கியங்கள் சுலபமாக மாறின. பணிப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தது. யார் மோட்டாரைப் போட்டார் என்பதில் சந்தேகமில்லை. “இரவு 11.40-க்கு இரவுப்பணி ஆபரேட்டர் மோட்டாரைப் போட்டார். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவில்லை.” இரண்டாவது வாக்கியத்தில் எழுவாய் இல்லை, ஆனாலும் யார் பார்க்கவில்லை என்று எவரும் கேட்க மாட்டார்கள். முந்தின வாக்கியத்து ஆள் அப்படியே தொடர்ந்து வருகிறார்.

மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிட்டேன். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்துவது மிதவை சுவிட்ச். அதன் வயர் இணைப்பில் இல்லை. இதைத் தமிழில் மூன்று விதமாக எழுதலாம்.

வயர் கழன்றிருந்தது. வயர் கழற்றப்பட்டிருந்தது. வயரை ஆபரேட்டர் கழற்றியிருந்தார்.

முதலாவது, அதிர்விலோ துருவிலோ தானாகவே விட்டுப்போனது என்கிறது. இரண்டாவது, ஒரு கை பட்டிருக்கிறது, யார் கை என்று தெரியவில்லை என்கிறது. மூன்றாவது ஆளைக் காட்டுகிறது. புகைப்படத்தில் வயரின் இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒழுங்காகச் சுற்றியிருந்தது. தானாகக் கழன்ற வயருக்கு யாரும் டேப் சுற்றி வைப்பதில்லை, ஆகவே முதலாவது பொய். ஆபரேட்டர்தான் கழற்றினார் என்பதற்குப் பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை, ஆகவே மூன்றாவது அவதூறு. மிஞ்சுவது செயப்பாட்டுவினை. இந்த இடத்தில் அதுதான் நேர்மையான வடிவம். ‘துண்டிக்கப்பட்டிருந்தது’ என்பதை எளிமைப்படுத்தி, தெரியாததையும் வெளிப்படையாகச் சேர்த்தேன்: “வயர் கழற்றப்பட்டு, முனைகளில் டேப் சுற்றப்பட்டிருந்தது. எப்போது, யார் கழற்றியது என்பதற்குப் பதிவேட்டில் குறிப்பு இல்லை.”

ஆக, அடுத்தடுத்த வாக்கியங்களில் வந்த ஒரே ‘படு’, ஓரிடத்தில் தெரிந்த ஆளை மறைக்கிறது. இன்னோரிடத்தில் தெரியாத ஆளை ஊகித்துச் சொல்லாமல் காக்கிறது. திருத்துகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: செய்தவர் யார் என்று எழுதியவருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் செய்வினை. தெரியாது என்றால் செயப்பாட்டுவினை, கூடவே தெரியவில்லை என்று சொல்லும் ஒரு வாக்கியம்.

நான்காவது வாக்கியம் வேறு ரகம். “பம்ப் சேதப்படுத்தப்பட்டது” என்றால் யாரோ சுத்தியலால் அடித்ததுபோல் இருக்கிறது. நடந்தது என்ன? தண்ணீர் இல்லாமல் பம்ப் ஓடியது, தண்ணீர்தான் சீலைக் குளிர்விக்கும் என்பதால் சீல் சூடேறிக் கருகியது. ஓடியது, கருகியது. இரண்டுக்கும் செயப்பாட்டுவினை தேவையே இல்லை. உடை-உடைந்தது, திற-திறந்தது, கழற்று-கழன்றது என்று தமிழில் ஏராளமான வினைகளுக்குத் தானாக நிகழ்வதைச் சொல்லும் துணை இருக்கிறது. செய்யப்படும் பொருளையே செய்ததுபோலச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியம் மரபு என்றே ஒப்புக்கொள்கிறது. ‘திண்ணை மெழுகிற்று’ என்பது அதற்கு உரைகாரர்கள் தரும் உதாரணம். திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது, ஆனாலும் வாக்கியம் யாரையும் குழப்பாது. “பணி முடிக்கப்பட்டது” என்பதைவிட “பணி முடிந்தது” நன்றாக ஒலிப்பதும் இதே வழியில்தான். ஆனால் மேலே பார்த்த வயர் விஷயத்தை மறக்க வேண்டாம். ஒரு கை பட்டிருக்கும் இடத்தில் ‘கழன்றது’ என்று எழுதுவது, ‘படு’வைவிட மோசமாக ஆளை மறைக்கும்.

செயப்பாட்டுவினைக்கு ஆதரவாக ஒரு வாதம் அடிக்கடி வரும்: பத்தி மோட்டாரைப் பற்றியது, ஆகவே வாக்கியம் மோட்டாரில் தொடங்க வேண்டும், அதற்கு ‘மோட்டார் இயக்கப்பட்டது’ என்றுதானே எழுத முடியும்? ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் சரி. அங்கே எழுவாய் முன்னால் நிற்க வேண்டும் என்பதால், பொருளை முன்னே கொண்டுவர வினையையே திருப்பிப்போட வேண்டியிருக்கிறது. தமிழில் ஓர் ‘ஐ’ போதும். “மோட்டாரை இரவுப்பணி ஆபரேட்டர் போட்டார்.” மோட்டார் முன்னே வந்துவிட்டது, ஆளும் காணாமல் போகவில்லை. நம் அலுவலகத் தமிழில் ‘படு’ இவ்வளவு பெருகியதற்கு, ஆங்கில அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதும் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அப்படி எழுதும்போது இரண்டும் கலந்து ஒரு பிழை பிறக்கும்: “அறிக்கையை சமர்ப்பிக்கப்பட்டது.” தொடங்கும்போது செய்வினை, முடிக்கும்போது செயப்பாட்டுவினை. வாக்கியம் நீளமானால் எழுதியவருக்கே இது தெரியாது. ‘பட்டது’ என்று முடியும் வாக்கியத்தில் பின்னோக்கிப் போய், அந்த வினைக்குரிய பொருளில் ‘ஐ’ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் பிடிபட்டுவிடும்.

‘ஆல்’ வேறொரு தொல்லை தரும். “ஒப்பந்தக்காரரால் பணி நிறுத்தப்பட்டது” என்றால் ஒப்பந்தக்காரர் நிறுத்தினாரா, அவர் செய்த குளறுபடியின் காரணமாக வேறு யாரோ நிறுத்தினார்களா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். பணம் சம்பந்தப்பட்ட அறிக்கையில் இது வழக்குவரை போகக்கூடிய குழப்பம். செய்தவரைச் சொல்லத்தான் போகிறோம் என்றால் ‘ஆல்’ எதற்கு? “மெக்கானிக் பம்ப்பைப் பிரித்துப் பார்த்து சீலை மாற்றினார்” என்றே எழுதிவிடலாம்.

செயப்பாட்டுவினை இயல்பாகவே நன்றாகப் படிக்கிற ஓர் இடமும் அந்த அறிக்கையில் இருந்தது: தண்ணீர்ப் பரிசோதனை. “மாதிரி கிருமிநீக்கம் செய்த பாட்டிலில் எடுக்கப்பட்டு, ஐஸ் பெட்டியில் வைக்கப்பட்டு, அன்றே ஆய்வகத்தில் ஒப்படைக்கப்பட்டது.” இதை நான் தொடவில்லை. யார் எடுத்தாலும் இதே முறைதான். எடுத்தவர் பெயரைப் போட்டால், படிப்பவர் முறையை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்பார்.

கடைசி வாக்கியத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. “கண்காணிக்கப்பட வேண்டும் என முடிவு செய்யப்பட்டது.” பரிந்துரைப் பகுதியில் செயப்பாட்டுவினைக்கு நான் இடமே கொடுப்பதில்லை. யார் கண்காணிப்பது என்று சங்கச் செயலாளரிடம் போனில் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அதை நாங்க இன்னும் பேசல சார்” என்றார். அடுத்த கூட்டம் முடிந்த பிறகு வந்த வரி இது: “ஷிஃப்ட் மாறும்போது, பொறுப்பேற்கும் ஆபரேட்டர் கீழ்த்தொட்டியின் நீர்மட்டத்தையும் மிதவை சுவிட்சையும் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். திங்கள்தோறும் மேற்பார்வையாளர் பதிவேட்டைச் சரிபார்ப்பார்.”